விலைச் சோதனையில் குழுக்கள் சமமாக இல்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

மாதம் ₹199-க்கு விற்கும் ஒரு சந்தாவை ₹249 ஆக்கலாமா என்று சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். வருபவர்களில் பாதிப் பேருக்குப் பழைய விலை, பாதிப் பேருக்குப் புதிய விலை. இரண்டு வாரம் கழித்து டேஷ்போர்டைத் திறந்தால் இப்படி இருக்கிறது:

- ₹199 குழு: 4,02,310 பேர் பார்த்தார்கள், 16,092 பேர் வாங்கினார்கள். ஒரு ஆளுக்கு வருமானம் ₹7.96.
- ₹249 குழு: 3,93,690 பேர் பார்த்தார்கள், 13,116 பேர் வாங்கினார்கள். ஒரு ஆளுக்கு வருமானம் ₹8.30.

வாங்கியவர்கள் குறைந்தாலும் விலை கூடியதால் ஆளுக்கு 4.2 சதவீதம் வருமானம் ஏறியிருக்கிறது. புள்ளியியல் சோதனையும் இது தற்செயல் அல்ல என்கிறது. விலையை ஏற்றிவிடலாம் என்று மீட்டிங்கில் முடிவாகிவிடும். யாரும் கவனிக்காமல் விடுவது முதல் இரண்டு எண்களைத்தான். 50:50 என்று பிரித்த கூட்டம் 50.54-க்கு 49.46 என்று நிற்கிறது. இதற்குப் பெயர் மாதிரி விகிதப் பிசகு. ஆங்கிலத்தில் சாம்பிள் ரேஷியோ மிஸ்மேட்ச், பேச்சில் எல்லோரும் எஸ்ஆர்எம் என்பார்கள்.

முதலில்: இது பிசகா, தற்செயலா?

நாணயத்தைச் சுண்டினாலும் சரிபாதி விழாது. எவ்வளவு விலகல் வரை பொறுக்கலாம் என்பது சதவீதத்தில் தெரியாது, தலைக்கணக்கில்தான் தெரியும். 50:50 சோதனைக்கு ஒரு கைக்கணக்கு போதும். இரண்டு குழுக்களின் வித்தியாசத்தை எடுங்கள். மொத்தத்தின் வர்க்கமூலத்தை 3.3-ஆல் பெருக்குங்கள். வித்தியாசம் அதைவிடப் பெரியதாக இருந்தால் நிறுத்திவிட்டுத் தேட ஆரம்பிக்கலாம்.

நம் கணக்கில் மொத்தம் 7,96,000. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 892, 3.3 மடங்கு 2,944. நம் வித்தியாசமோ 8,620. கை-வர்க்கச் சோதனையை முறைப்படி ஓட்டினால்:

```python
from scipy.stats import chisquare
obs = [402310, 393690]
print(chisquare(obs, f_exp=[398000, 398000]).pvalue)
```

வரும் பி-மதிப்பில் புள்ளிக்குப் பின் 21 சுழிகள் இருக்கும். பிரித்த முறை சரியாக இருந்திருந்தால் இப்படி நடக்க வழியே இல்லை என்று பொருள். 70:30, 90:10 என்று பிரித்திருந்தால் கைக்கணக்கு உதவாது. `f_exp`-இல் அந்த விகிதப்படி எதிர்பார்க்கும் எண்களைக் கொடுங்கள்.

எச்சரிக்கை எல்லையை வழக்கமான 0.05-இல் வைக்காமல் 0.001-இல் வைப்பது நல்லது. இந்தச் சோதனை ஒவ்வொரு நாளும் எல்லா எக்ஸ்பெரிமென்ட்டுக்கும் ஓடும். 0.05 வைத்தால் பொய் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு மாதத்தில் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் உண்மையான கோளாறில் பி-மதிப்பு 0.001-க்கும் கீழே எளிதாக இறங்கிவிடும். இது அபூர்வமான கோளாறும் இல்லை. மைக்ரோசாஃப்டில் நடந்த சோதனைகளில் சுமார் 6 சதவீதத்தில் இந்தப் பிசகு இருந்ததாக 2019-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை சொல்கிறது.

ஒரு சதவீதம் குறைந்தால் என்ன கெட்டுவிடும்?

காணாமல் போன 8,620 பேரும் கூட்டத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஆட்களாக இருந்தால் ஒன்றும் கெடாது. ஆனால் ஒரு குழுவில் மட்டும் ஆட்கள் உதிர்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் ஒரு குறிப்பிட்ட வகை ஆட்களைத்தான் தொடும்.

அவர்கள் ஒருவருமே வாங்காதவர்கள் என்று வைத்துப் பாருங்கள். ₹249 குழுவின் மொத்த வருமானம் ₹32,65,884. அதை 3,93,690-ஆல் வகுத்ததால்தான் ₹8.30 வந்தது. உதிர்ந்தவர்களையும் சேர்த்து 4,02,310-ஆல் வகுத்தால் ₹8.12. 4.2 சதவீத ஏற்றம் 2 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. அது தற்செயலாகவும் வரக்கூடிய அளவு. வாங்கியவர்களில் ஒருவர்கூட மாறவில்லை, கீழே இருக்கும் வகுஎண் மட்டும்தான் மாறியது.

கன்வெர்ஷன் 3, 4 சதவீதம் இருக்கும் விலைச் சோதனைகளில் இதுதான் ஆபத்து. நாம் தேடும் விளைவே ஓரிரண்டு சதவீதம். ஆள் எண்ணிக்கையில் வரும் பிழையும் அதே அளவு.

இதில் நாம் ஒன்றைச் சும்மா எடுத்துக்கொண்டோம்: ₹249 பக்கம் ஆட்கள் குறைந்தார்கள் என்று. ₹199 பக்கம் ஆட்கள் கூடியிருக்கவும் கூடும். எது என்று எண்ணிக்கை மட்டும் சொல்லாது. அதனால் கீழே உள்ள அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: பிரித்தபோது சமம், விலையைக் காட்டும்போது சமமில்லை

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை படிப்படியாக ஆளெண்ணுவது. குழு ஒதுக்கிய இடம், பக்கம் கேட்டதாகச் சர்வர் லாகில் பதிவான இடம், விலை திரையில் வந்ததாகப் பதிவான இடம் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனி ஆட்களை எண்ணுங்கள்:

```sql
SELECT arm, COUNT(DISTINCT user_id)
FROM assignments
GROUP BY arm;
```

நம் உதாரணத்தில் ஒதுக்கிய அட்டவணையில் ₹199-க்கு 4,05,120 பேர், ₹249-க்கு 4,04,870 பேர். வித்தியாசம் 250-தான், இங்கே பிசகு இல்லை. ஆகவே ஆளின் அடையாள எண்ணைக் கலக்கிக் குழுவைத் தீர்மானிக்கும் ஹாஷ் சரி, பிரிப்பு சரி. உதிர்வு அதற்குப் பிறகு நடந்திருக்கிறது. ஒரு பக்கம் 2,810 பேர் காணவில்லை, மறுபக்கம் 11,180 பேர் காணவில்லை. இரண்டு பக்கமும் கொஞ்சம் உதிர்வது இயல்பு, விளம்பரத் தடுப்பான்களே அவ்வளவு தின்றுவிடும். ஒரு பக்கம் நான்கு மடங்கு உதிர்ந்திருப்பதுதான் தடயம்.

இந்த நிலையில் முதல் சந்தேகம் வேகத்தின் மேல் விழ வேண்டும். பழைய விலை பக்கத்திலேயே எழுதியிருக்கும் அல்லது கேஷில் இருக்கும். புதிய விலையை வேறொரு சர்வீஸிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதற்கு முக்கால் நொடி கூடுதலாக ஆகிறது என்று வையுங்கள். ‘விலை பார்த்தார்’ என்ற ஈவென்ட், விலை திரையில் வந்த பிறகுதான் பிரவுசரிலிருந்து கிளம்புகிறது. அந்த முக்கால் நொடிக்குள் பின்னால் போனவர், டேப்பை மூடியவர், பேருந்தில் சிக்னல் போனவர் யாருமே பதிவாக மாட்டார்கள். அவர்களில் வாங்கியிருக்கக்கூடியவர் மிகக் குறைவு. அதாவது ₹249 குழுவிலிருந்து வாங்காதவர்களை நம்மை அறியாமல் சலித்து எடுத்துவிட்டோம்.

உறுதிசெய்ய, இரண்டு குழுக்களிலும் பக்கம் கேட்ட நேரத்துக்கும் ஈவென்ட் வந்த நேரத்துக்கும் இடைவெளியை எடுத்து, நடுமதிப்பையும் 95-ஆம் சதமானத்தையும் ஒப்பிடுங்கள். நடுமதிப்பு ஒன்றாக இருந்து 95-ஆம் சதமானம் மட்டும் விலகினால் மெதுவான இணைப்பில் இருப்பவர்கள்தான் உதிர்கிறார்கள்.

சரிசெய்வது இரண்டு இடத்தில். ‘பார்த்தார்’ என்ற பதிவை, இரண்டு குழுக்களின் பாதையும் பிரிவதற்கு முந்தைய புள்ளிக்கு நகர்த்துங்கள். முடிந்தால் சர்வரிலேயே பதிவுசெய்யுங்கள். பிறகு பழைய விலையையும் அதே புதிய சர்வீஸ் வழியாகவே கொடுங்கள். மெதுவாக இருந்தால் இரண்டும் சேர்ந்து மெதுவாக இருக்கட்டும்.

புதிய விலைக்குத் தனி முகவரி வைத்து அங்கே ரீடைரக்ட் செய்யும் அமைப்பும் இதே நோய்தான். ஒரு குழு மட்டும் ஒரு தாவல் அதிகம் தாவுகிறது, தாவும்போது சிலர் விழுகிறார்கள். தாவுவதென்றால் இரண்டு குழுவும் தாவ வேண்டும்.

அறிகுறி: ஒதுக்கிய இடத்திலேயே சமமில்லை

இங்கே ஆட்களின் நடத்தைக்கு வேலையில்லை. கோடில் பாருங்கள். விகிதம் 51-க்கு 49 என்று அச்சடித்தாற்போல் நின்றால் பெரும்பாலும் இதுதான்:

```python
h = md5((salt + user_id).encode()).hexdigest()
b = int(h, 16) % 100
arm = "249" if b <= 50 else "199"
```

0 முதல் 50 வரை எண்ணினால் 51 பக்கெட். `<` இருக்க வேண்டிய இடத்தில் `<=` விழுந்திருக்கிறது. 100 பக்கெட்டுகளிலும் தனித்தனியாக ஆளெண்ணிப் பார்த்தால் உடனே தெரியும்: ஒவ்வொரு பக்கெட்டும் ஒரே உயரத்தில் இருக்கும், எல்லைக்கோடு மட்டும் தள்ளி இருக்கும்.

கோளாறுகளில் இதுதான் பாவப்பட்டது. 50-ஆம் பக்கெட்டில் விழுபவர்கள் மற்றவர்களைவிட எந்த விதத்திலும் வேறானவர்கள் இல்லை. உண்மையான விகிதம் 51:49 என்று எழுதிவைத்துவிட்டு, அந்த விகிதத்துக்கு எதிராக மறுபடி சோதித்துப் பார்த்துத் தேறினால், முடிவை அப்படியே நம்பலாம்.

இன்னொன்று அவ்வளவு சாது இல்லை. ஹாஷில் அடையாள எண்ணோடு சேர்க்கும் சொல்லான சால்ட்டைப் பழைய சோதனையிலிருந்து அப்படியே காப்பியடித்துவிட்டால், அன்று ஒரு குழுவில் விழுந்தவர்களே இன்றும் ஒன்றாக விழுவார்கள். போன மாதம் அவர்களுக்குத் தள்ளுபடி காட்டியிருந்தீர்கள் என்றால், அதனால் கூடுதலாகத் தங்கியவர்கள் இப்போது மொத்தமாக ஒரு பக்கம் வந்து சேர்வார்கள். புதியவர்களையும் ஏற்கெனவே வந்தவர்களையும் பிரித்து எண்ணுங்கள். புதியவர்களில் சமம், பழையவர்களில் பிசகு என்றால் சால்ட்டைப் பாருங்கள். இதைச் சரிக்கட்ட வழியில்லை. புது சால்ட் போட்டு மறுபடி ஓட்டத்தான் வேண்டும்.

அறிகுறி: சில நாட்களில் மட்டும் பிசகு

நாள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் நாளில் மட்டும் ₹199 குழு பெருத்திருந்தால், ஒரு குழு மற்றதற்குச் சில மணி நேரம் முன்னதாகத் தொடங்கியிருக்கும். அந்த நாளில் வந்தவர்களை இரு பக்கமும் நீக்கிவிட்டு மீண்டும் சோதிக்கலாம். முதல் வாரம் 10 சதவீதம், அடுத்த வாரம் 50 சதவீதம் என்று புதிய விலையைப் படிப்படியாக ஏற்றியிருந்தால், இரண்டு வாரங்களையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்குப் பார்க்கக் கூடாது. சம்பளம் வந்த வாரத்தில் வாங்கும் விகிதமே வேறு. அந்த வாரத்து ஆட்கள் ஒரு குழுவில் அதிகமாக இருந்தால், விலை செய்ததையும் சம்பள நாள் செய்ததையும் பிரிக்க முடியாது. விகிதம் மாறாத காலத்தை மட்டும் எடுங்கள்.

அறிகுறி: ஒரு பிரிவில் மட்டும் பிசகு

பிரவுசர், செயலியின் பதிப்பு, நாடு, உள்நுழைந்தவர் / நுழையாதவர் என்று வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கைக்கணக்கைப் போடுங்கள். ஒரு துண்டில் மட்டும் அலாரம் அடித்தால் வேலை பாதி முடிந்தது. இருபது துண்டு வெட்டினால் ஒன்றிரண்டு லேசாக விலகத்தான் செய்யும், அதைத் துரத்த வேண்டாம். மொத்த வித்தியாசத்தையும் ஒரே துண்டு விளக்குகிறதா என்று பாருங்கள்.

விலைச் சோதனைக்கே உரிய ஒன்று இங்கே உண்டு. பழைய பதிப்புச் செயலிக்குப் புதிய விலையின் அடையாள எண் புரியாது, அல்லது ஒரு நாட்டின் ஆப் ஸ்டோரில் அந்த விலையை ஏற்றவே மறந்திருப்பார்கள். செயலி அமைதியாகப் பழைய விலையைக் காட்டிவிட்டு, லாகிலும் ‘₹199 குழு’ என்று எழுதிவிடும். இங்கே யாரும் காணாமல் போவதில்லை, பக்கம் மாறி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒதுக்கிய குழுவும் காட்டிய விலையும் அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் எழுதப்பட்டால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டையும் தனித்தனி நெடுவரிசைகளில் வைத்திருங்கள்.

மனிதர் அல்லாத தானியங்கி வருகைகளை நீக்கும் ரோபோ வடிகட்டியும் இந்த வகைதான். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளத்து முகப்பில் சுழலும் அட்டைகளை 12-இலிருந்து 16 ஆக்கியபோது, ஆட்கள் குறைவாகப் பயன்படுத்துவதாக முடிவு வந்தது. உண்மையில் மிக அதிகமாகச் சொடுக்கியவர்களை ரோபோ என்று வடிகட்டி வெளியே தள்ளியிருந்தது. அதைச் சரிசெய்ததும் முடிவு தலைகீழானது. விலை கூடினால் ஆட்கள் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து ஒப்பிடுவார்கள், அவர்களுக்கும் இதே கதி நேரலாம். வடிகட்டும் முன்னும் பின்னும் எண்ணுங்கள். முன் சமம், பின் பிசகு என்றால் குற்றவாளி வடிகட்டி.

அறிகுறி: குக்கீ கணக்கில் சமம், ஆள் கணக்கில் ₹199 பக்கம் கூட்டம்

₹249 பார்த்தவர், நண்பரின் போனில் ₹199 இருப்பதைக் கண்டுவிட்டார். குக்கீயை அழித்துவிட்டோ இன்காக்னிட்டோவிலோ மறுபடி வருகிறார். 199 தெரியும்வரை முயன்று, தெரிந்ததும் உள்நுழைந்து வாங்குகிறார். இப்போது அவர் பெயரில் இரண்டு குழுவிலும் பதிவு உண்டு. பல டீம்கள் ஒருவருக்கு ஒரு வரி இருக்கட்டும் என்று கடைசிப் பதிவை வைத்துக்கொள்வார்கள். ₹199-இல் தொடங்கியவருக்கு மறுபடி முயலக் காரணமே இல்லை, ஆகவே ஓட்டம் ஒரே திசையில்தான். ₹199 குழு பெருக்கிறது. அதுவும் விலையைப் பார்த்துப் பார்த்து வாங்கும் ஆட்களால் பெருக்கிறது. ₹249-ஐ மறுத்தவர்களே ₹249-இன் கணக்கிலிருந்து மறைந்துவிடுவதால், ஆளுக்கு வருமானம் இரு பக்கமும் தவறாகும்.

கஸ்டமர் கேரில் சண்டை போட்டவருக்குக் குறைந்த விலையைக் கொடுத்து, அவரைக் குழுவும் மாற்றிவிடுவது இதன் தம்பி.

இரண்டுக்கும் மருந்து ஒன்று: ஒருவர் முதலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அதிலேயே எண்ணுங்கள், பின்னால் எந்த விலைக்கு வாங்கியிருந்தாலும். அவர் கொடுத்த ₹199-ம் ₹249 குழுவின் வருமானத்தில்தான் சேர வேண்டும். விலையை ஏற்றினால் சிலர் இப்படி நழுவுவார்கள் என்பதும் விளைவின் பகுதிதானே.

பிசகு போலத் தெரியும், பிசகு இல்லை

பணம் கட்டும் பக்கத்தை எட்டியவர்கள் ₹249 குழுவில் குறைவு என்று சிலர் பதறுவார்கள். குறையத்தான் செய்யும், விலையின் வேலையே அது. விகிதச் சோதனையை விலை தெரிவதற்கு முந்தைய புள்ளியில் மட்டுமே போட வேண்டும். ஆனால் அதே காரணத்தால் ‘பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிடுவோம்’ என்று ஆய்வைக் குறுக்கினால், பிசகை நீங்களே கையால் செய்துகொள்கிறீர்கள்.

ஓடிய சோதனையைக் காப்பாற்ற முடியுமா?

எல்லோர் கையும் முதலில் போவது, பெரிய குழுவிலிருந்து 8,620 பேரைக் குலுக்கலில் நீக்கிச் சமமாக்குவது. எண்ணிக்கை சமமாகும், பிழை இருந்த இடத்திலேயே இருக்கும். ₹249 பக்கம் உதிர்ந்தவர்கள் பெரும்பாலும் வாங்காதவர்கள். ₹199 பக்கம் நீக்குபவர்களோ எல்லா வகையும் கலந்தவர்கள்.

ஒதுக்கிய அட்டவணை சரியாக இருந்தால் மட்டும் நல்ல வழி ஒன்று உண்டு. ‘பார்த்தார்’ என்ற பதிவை மறந்துவிட்டு, ஒதுக்கிய எல்லோரையும் கட்டணப் பதிவேட்டோடு நேரடியாக இணையுங்கள். பிரவுசர் ஈவென்ட் தொலையலாம், பணம் வந்த கணக்கு தொலையாது. நம் உதாரணத்தில் அப்படி இணைத்ததும் ₹199 பக்கம் கூடுதலாக 6 பேரும் ₹249 பக்கம் 31 பேரும் வாங்கியிருப்பது தெரிகிறது என்று வையுங்கள். புதிய கணக்கு இது:

- ₹199: 4,05,120 பேர், 16,098 வாங்கல், ஆளுக்கு ₹7.91
- ₹249: 4,04,870 பேர், 13,147 வாங்கல், ஆளுக்கு ₹8.09

ஏற்றம் 2.25 சதவீதம், பி-மதிப்பு 0.054. 95 சதவீத நம்பக எல்லையின் கீழ்முனை சுழிக்குச் சற்றே கீழே இருக்கிறது. 4.2 சதவீதம் என்று மீட்டிங்கில் சொன்னதில் ஏறத்தாழ பாதி, மெதுவான ஒரு சர்வீஸ் உண்டாக்கியது. இந்தக் கணக்கு விலை மட்டும் செய்த விளைவைத் தராது, விலையும் மெதுவும் சேர்ந்து செய்த விளைவைத் தரும் என்பதையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

மறுபடி ஓட்டுவதாக இருந்தால், அதற்கு முன் இரண்டு குழுக்களுக்கும் ₹199-ஐயே காட்டி ஒரு ஏ/ஏ ஓட்டம் விடுங்கள். புதிய சால்ட், புதிய விலைச் சர்வீஸ், வடிகட்டி, ஆள்-குக்கீ இணைப்பு எல்லாம் உண்மையான சோதனையில் இருக்கப்போவது போலவே இருக்க வேண்டும். எவ்வளவு பேர் வேண்டும் என்பதும் கைக்கணக்கிலேயே வரும். 51:49 என்ற கோளாறு 2,000 பேரில் வெறும் 40 பேர் வித்தியாசம்தான், எல்லை 148. கண்ணுக்கே தெரியாமல் தப்பிவிடும். அதே கோளாறு எல்லையைத் தொட ஏறத்தாழ 27,000 பேர் தேவை. ஓரளவு உறுதியாகப் பிடிக்க 40,000-க்கு மேல் போங்கள். அரைச் சதவீத விலகலைப் பிடிக்க வேண்டுமென்றால், அதாவது 50.5-க்கு 49.5, அந்த எண்ணிக்கையை நான்கால் பெருக்குங்கள்.